பாதி விழுந்தால் ஏன் இரட்டிப்பாக வேண்டும்? சென்செக்ஸ் 2008–2010ஐ வைத்து ஒரு கணக்கு

கேள்வி: 50% விழுந்த பங்கு பழைய விலைக்கு வர 100% ஏறணும்னு சொல்றாங்க, 50% ஏறினா போதாதா? ஏற்ற இறக்கமே வளர்ச்சியைத் தின்னுடும், அதுக்குப் பேர் வொலடிலிட்டி டிராக்னும் ஒரு வீடியோல கேட்டேன். அது என்ன? சராசரியா வருஷம் 15% தந்திருக்குன்னு சொன்ன இடத்துல எனக்குக் கையில் ஒண்ணும் வரலையே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்:

சம்பந்தம் உண்டு. மூன்று கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது: பணம் பெருக்கலில் வளர்கிறது, நாம் அதைக் கூட்டலில் நினைக்கிறோம்.

ஒரு லட்சம் ரூபாய் பாதியானால் 50,000. அந்த 50% லட்சத்தின் மீது கணக்கிட்டது. அடுத்து 50% ஏறினால், அது மிச்சமிருக்கும் 50,000-இன் மீதுதான் கணக்காகும், அதாவது 25,000. மொத்தம் 75,000-இல் நிற்பீர்கள். இறக்கத்தை 0.5-ஆல் பெருக்குவது என்று எழுதிக்கொண்டால் குழப்பமே இல்லை. 0.5-ஐ எதனால் பெருக்கினால் 1 வரும்? 2-ஆல். 2-ஆல் பெருக்குவதைத்தான் சதவீத மொழியில் 100% ஏற்றம் என்கிறோம்.

பொதுவாகச் சொன்னால், விழுந்த அளவை மிச்சமிருக்கும் அளவால் வகுத்தால் தேவையான ஏற்றம் கிடைக்கும். 10% விழுந்தால் 10-ஐ 90-ஆல் வகுக்கிறோம், 11% போதும். 20% விழுந்தால் 25%. இதுவரை பெரிய வித்தியாசம் தெரியாது, அதனால்தான் பலர் இதைக் கவனிப்பதில்லை. 50%-ஐத் தாண்டியதும் கணக்கு வேகமெடுக்கிறது. 80% விழுந்தால் 400% ஏற வேண்டும், 90% விழுந்தால் 900%. வகுக்கும் எண் சுருங்கிக்கொண்டே போவதுதான் காரணம்.

இங்கே ஒரு தவறான விளக்கத்தை விலக்கிவிட வேண்டும். "50% விழுவதைவிட 100% ஏறுவது இரண்டு மடங்கு கடினம்" என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியில்லை. பாதியாவதும் இரட்டிப்பாவதும் ஒரே அளவுள்ள நகர்வுகள், திசை மட்டும்தான் வேறு. விலை வரைபடத்தை மடக்கை அளவில், அதாவது லாக் ஸ்கேலில் போட்டுப் பாருங்கள். 100-லிருந்து 50-க்கு இறங்கும் உயரமும் 50-லிருந்து 100-க்கு ஏறும் உயரமும் துல்லியமாக ஒன்றாக இருக்கும். உண்மையான சிரமம் காலத்தில் இருக்கிறது. சந்தை ஒரே வருடத்தில் பாதியாகலாம். ஆண்டுக்கு 12% என்ற நல்ல வேகத்தில் வளர்ந்தாலும் இரட்டிப்பாக ஆறு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும்.

சரி, இப்போது உங்கள் 15% கேள்விக்கு வருவோம். அதற்கு 2008 முதல் 2010 வரையிலான சென்செக்ஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2007 டிசம்பர் கடைசியில் சென்செக்ஸ் 20,287. உலக நிதி நெருக்கடி வந்த 2008-இன் முடிவில் 9,647. அதாவது 52.4% வீழ்ச்சி. 2009 முடிவில் 17,465, அது 81% ஏற்றம். அந்த ஆண்டு மே 18 அன்று, பொதுத் தேர்தல் முடிவு வந்த பிறகான முதல் வர்த்தக நாளில், ஒரே நாளில் 17% ஏறி மேல் சர்க்யூட்டில் வர்த்தகம் நின்றுபோனது பலருக்கு நினைவிருக்கும். 2010 முடிவில் 20,509, இது மேலும் 17.4% ஏற்றம்.

இந்த மூன்று ஆண்டு வருமானத்தைக் கூட்டி மூன்றால் வகுத்துப் பாருங்கள். மைனஸ் 52.4, பிளஸ் 81, பிளஸ் 17.4. கூட்டினால் 46, சராசரி 15.3%. "கடந்த மூன்று ஆண்டுகளில் சராசரியாக ஆண்டுக்கு 15%" என்று யாராவது சொன்னால் கூட்டலில் பிழையே இல்லை.

இப்போது அதே மூன்று ஆண்டுகள் ஒரு லட்சம் ரூபாய்க்கு என்ன செய்தன என்று பாருங்கள். முதல் ஆண்டு முடிவில் 47,554. இரண்டாம் ஆண்டு முடிவில் 86,089. 81% ஏறிய பிறகும் போட்ட பணம் வரவில்லை, ஏனென்றால் 52.4% வீழ்ச்சிக்கு 110% ஏற்றம் தேவைப்பட்டது. மூன்றாம் ஆண்டு முடிவில் 1,01,095. மூன்று வருடத்தில் மொத்த லாபம் 1,095 ரூபாய். ஆண்டுக் கூட்டு வளர்ச்சியாக, அதாவது சிஏஜிஆராகச் சொன்னால் 0.36%. டிவிடெண்ட் இதில் சேராது, சேர்த்தாலும் ஆண்டுக்கு ஒன்றரை சதவீதம் அளவுக்குத்தான் கூடும்.

காகிதத்தில் 15.3%, கையில் 0.36%. இடையில் காணாமல் போன அந்த 15%தான் நீங்கள் கேட்ட வொலடிலிட்டி டிராக். தமிழில் ஏற்ற இறக்க இழுவை என்று வைத்துக்கொள்வோம். முதல் எண் கூட்டுச் சராசரி, இரண்டாவது பெருக்குச் சராசரி. பள்ளிக்கூடத்தில் இரண்டையும் படித்திருப்போம். பணத்தின் வளர்ச்சிக்கு உரியது இரண்டாவதுதான்.

இந்த இழுவை எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிட முடியுமா? முடியும். மிகச் சிறிய கணக்கிலிருந்து தொடங்கலாம். ஒரு வருடம் 20% ஏறி அடுத்த வருடம் 20% இறங்குகிறது. கூட்டுச் சராசரி பூஜ்யம். பெருக்கினால் 1.2 × 0.8 = 0.96. இரண்டு வருடத்தில் 4% போனது, வருடத்துக்கு சுமார் 2%. அந்த 4% எங்கிருந்து வந்தது? 0.2-இன் வர்க்கம் 0.04. வருடத்துக்கு என்று பார்த்தால் அதில் பாதி. இதையே 10% ஏற்ற இறக்கமாக மாற்றினால் 1.1 × 0.9 = 0.99, வருடத்துக்கு அரை சதவீதம்தான் போகும். 40% ஆக்கினால் 1.4 × 0.6 = 0.84, வருடத்துக்கு எட்டு சதவீதத்துக்கு மேல் போய்விடும். ஆட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகிறது. இதைத்தான் புள்ளியியலில் இப்படி எழுதுவார்கள்:

```
G ≈ A − σ²/2
```

A கூட்டுச் சராசரி, G பெருக்குச் சராசரி, σ என்பது திட்ட விலக்கம், அதாவது வருமானம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி ஆடுகிறது என்ற அளவு. சென்செக்ஸின் அந்த மூன்று ஆண்டுகளில் இதைப் போட்டுப் பார்க்கலாம். திட்ட விலக்கம் சுமார் 54.5%. அதன் வர்க்கம் 0.297, பாதி 0.149, அதாவது 14.9%. 15.3-லிருந்து 14.9 போனால் 0.4 சொச்சம். உண்மையில் வந்தது 0.36. இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியதை நம்பி எல்லா இடத்திலும் அப்படியே வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இது ஒரு தோராயச் சூத்திரம். 20% வரையிலான ஆட்டத்துக்கு நன்றாகவே பொருந்தும், 50%-க்கு மேல் பல நேரம் விலகிப்போகும்.

இழுவை என்றதும் யாரோ நம் பணத்தை எடுத்துக்கொள்வது போல ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. வீடியோக்களிலும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஃபண்ட் எடுக்கும் கட்டணம் போன்றதல்ல இது, எந்தக் கணக்கிலும் பற்று எழுதப்படுவதில்லை. எங்கே போகிறது என்று புரிய ஒரு விளையாட்டைப் பார்க்கலாம். நாணயம் சுண்டுகிறோம். தலை விழுந்தால் உங்கள் பணம் 50% கூடும், பூ விழுந்தால் 40% குறையும். ஒரு சுற்றின் சராசரி பிளஸ் 5%. நல்ல விளையாட்டாகத் தெரிகிறது.

ஒரு லட்சத்தோடு இரண்டு சுற்று ஆடுங்கள். நான்கு விதமாக முடியலாம். இரண்டும் தலை என்றால் 2,25,000. ஒன்று தலை ஒன்று பூ என்றால், எது முதலில் வந்தாலும், 90,000. இரண்டும் பூ என்றால் 36,000. நான்கின் சராசரி 1,10,250, ஆக சராசரியில் சுற்றுக்கு 5% கூட்டு வட்டி போலத்தான் வளர்ந்திருக்கிறது. ஆனால் நான்கில் மூன்று வாய்ப்புகளில் ஆடியவர் நஷ்டப்பட்டிருக்கிறார். இருபது சுற்று போனால் சராசரி 2,65,000-ஐத் தாண்டும். வரிசையின் நடுவில் நிற்கும் ஆளின் கையில், அதாவது பத்துத் தலை பத்துப் பூ விழுந்தவரிடம், 35,000-கூட இருக்காது. பணம் மறையவில்லை. தொடர்ந்து தலை விழுந்த மிகச் சிலரிடம் போய்க் குவிந்துவிட்டது. பெருக்குச் சராசரி சொல்வது இந்த நடுவாளின் கதையை. உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு ஆயுள், ஒரே ஒரு சேமிப்பு. ஆகவே உங்களுக்குப் பொருந்துவது அந்த நடுவாளின் கணக்குதான் என்பது என் உறுதியான கருத்து.

இந்த இழுவை மிக மோசமாகத் தெரிவது கடனோடு செய்யும் முதலீட்டில். அமெரிக்கச் சந்தையில் TQQQ என்று ஒரு இடிஎஃப் இருக்கிறது. நாஸ்டாக் 100 குறியீடு ஒரு நாளில் எவ்வளவு நகர்கிறதோ அதைப் போல மூன்று மடங்கு நகர்வது அதன் வேலை. இங்கிருந்து அமெரிக்கப் பங்கில் முதலீடு செய்பவர்கள் சிலர் "குறியீடு எப்படியும் ஏறத்தானே போகிறது, மூன்று மடங்காகவே வாங்கிவிடலாம்" என்று இதில் இறங்குகிறார்கள். மூன்று மடங்கு என்பது ஒரு நாளைக்கு மட்டும்தான் என்பது அவர்கள் கவனத்தில் இருப்பதில்லை.

குறியீடு 100-லிருந்து 90-க்கு இறங்கி, மறுநாள் 100-க்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கம் 10%, ஏற்றம் 11.1%. மூன்று மடங்கு ஃபண்ட் முதல் நாள் 30% இறங்கி 70 ஆகும், மறுநாள் 33.3% ஏறி 93.3 ஆகும். குறியீடு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது, ஃபண்டில் 6.7% போய்விட்டது. σ மூன்று மடங்கானால் அதன் வர்க்கம் ஒன்பது மடங்காகும். லாப வாய்ப்பு மூன்று மடங்கு, இழுவை ஒன்பது மடங்கு.

2022-லும் 2023-லும் நடந்தது இது. நாஸ்டாக் 100-ஐ அப்படியே பின்பற்றும் QQQ 2022-இல் சுமார் 33% விழுந்து, 2023-இல் சுமார் 55% ஏறியது. இரண்டு வருடம் சேர்த்துப் பார்த்தால் சுமார் 4% லாபம். TQQQ 2022-இல் சுமார் 79% விழுந்து, 2023-இல் சுமார் 198% ஏறியது. தனித்தனி வருடமாகப் பார்த்தால் இது அருமையாகத் தெரியும். 33-இன் மூன்று மடங்கு 99, ஆனால் விழுந்தது 79 மட்டுமே. 55-இன் மூன்று மடங்கு 165, ஆனால் ஏறியதோ 198. இரண்டு வருடத்திலும் மூன்று மடங்கைவிட நல்ல முடிவு. ஒரே திசையில் தொடர்ந்து நகரும் சந்தையில் தினசரிப் பெருக்கல் இப்படிச் சாதகமாகவும் அமையும். இருந்தும் இரண்டையும் பெருக்கினால் 0.21 × 2.98, அதாவது 0.63-க்குச் சற்றுக் குறைவு. QQQ வைத்திருந்தவர் 4% லாபத்தில் இருந்தபோது TQQQ வைத்திருந்தவருக்கு சுமார் 37% நஷ்டம். 79% வீழ்ச்சியிலிருந்து மீள 376% தேவை, 198% அதில் பாதிதான். கடன் வாங்கும் செலவும் கட்டணமும் இதில் கொஞ்சம் கலந்திருக்கிறது. பெரும்பங்கு ஏற்ற இறக்கத்துடையது.

அப்புறம், ஆட்டத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்று எதிர்த்திசையிலும் பார்த்துவிடுவோம். என்னைக் கேட்டால் இந்தத் தலைப்பிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இதுதான்.

அதே 2008, 2009, 2010. ஒரு லட்சத்தில் பாதியை சென்செக்ஸிலும் பாதியை 8% வட்டி தரும் வங்கி டெபாசிட்டிலும் போடுகிறோம். 8% என்பது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டது, வரியையும் விட்டுவிடுகிறேன். ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் இரண்டையும் மீண்டும் சரிபாதியாக்க வேண்டும் என்பது ஒரே நிபந்தனை.

2008 முடிவில் பங்கிலிருந்த 50,000 ரூபாய் 23,777 ஆகிவிட்டது, டெபாசிட் 54,000. மொத்தம் 77,777. சரிபாதியாக்க டெபாசிட்டிலிருந்து 15,000 ரூபாய்க்கு மேல் எடுத்துப் பங்கில் போட வேண்டும். சந்தை பாதியாகி, இன்னும் விழும் என்று எல்லாத் தொலைக்காட்சியும் சொல்லிக்கொண்டிருந்த டிசம்பர் மாதத்தில். அப்படிப் போட்ட பிறகும் 2009 மார்ச் 9 அன்று சென்செக்ஸ் 8,160 வரை இறங்கியது. அதைத் தாங்கினால், 2009 முடிவில் பங்கு 70,401, டெபாசிட் 42,000, மொத்தம் சுமார் 1,12,400. இந்த முறை பங்கில் லாபத்தை எடுத்து டெபாசிட்டுக்கு மாற்ற வேண்டும். 2010 முடிவில் மொத்தம் சுமார் 1,26,700.

முழுப் பணமும் சென்செக்ஸில் இருந்தால் 1,01,095. முழுப் பணமும் டெபாசிட்டில் இருந்தால் 1,25,971. இரண்டையும் கலந்தால் 1,26,700, இரண்டையும்விட அதிகம். கலந்துவிட்டு ஆண்டுதோறும் சரிசெய்யாமல் விட்டிருந்தால் 1,13,500 அளவில்தான் நின்றிருக்கும். முதல் முறை கேட்பவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். கணக்கு எளிது. கலவையின் மூன்று ஆண்டு வருமானம் மைனஸ் 22%, பிளஸ் 44.5%, பிளஸ் 12.7%. கூட்டுச் சராசரி 15.3-லிருந்து 11.7-க்கு இறங்கியது, கொஞ்சம்தான் குறைவு. ஆட்டம் பாதியானதால் இழுவை 15-லிருந்து 3.5 அளவுக்குச் சுருங்கிவிட்டது. கையில் நின்றது ஆண்டுக்கு 8.2%.

இதை எல்லாக் காலத்துக்கும் விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த மூன்று ஆண்டுகளை நான் தேர்ந்தெடுத்ததே ஆட்டம் மிகக் கடுமையாக இருந்ததால்தான். சந்தை இடைவிடாமல் ஏறிக்கொண்டே போகும் காலத்தில், ஏறுவதை விற்று டெபாசிட்டில் போட்டவர் நிச்சயம் பின்தங்குவார். ஒரு பங்கு விழுந்தபின் எழவே இல்லையென்றால், அதில் மேலும் மேலும் பணம் போட்டுச் சரிபாதியாக்குவது பணத்தைக் கரைக்கும் வழி. சென்செக்ஸ் போல 30 நிறுவனங்கள் உள்ள குறியீட்டுக்கும் ஒற்றைப் பங்குக்கும் இந்த இடத்தில் பெரிய வேறுபாடு உண்டு.

உங்கள் 15%-ஐ நீங்களே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டின் வருமானத்தையும் பெருக்கும் எண்ணாக மாற்றி எக்செலில் ஒன்றின் கீழ் ஒன்றாக B2 முதல் B4 வரை எழுதுங்கள். 52.4% வீழ்ச்சி என்றால் 0.476, 81% ஏற்றம் என்றால் 1.81, இப்படி. பிறகு இந்த இரண்டையும் போட்டுப் பாருங்கள்:

```
=AVERAGE(B2:B4)-1
=GEOMEAN(B2:B4)-1
```

உங்களிடம் சொன்ன 15% முதல் வரியோடு ஒத்துப்போனால், சொன்னவர் கூட்டுச் சராசரியைக் காட்டியிருக்கிறார். இரண்டாவது வரியில் வருவதுதான் மொத்தமாகப் போட்ட பணம் உண்மையில் வளர்ந்த வேகம். ஃபண்ட் நிறுவனங்களின் மாதாந்திரத் தகவல் தாளில் சிஏஜிஆர் என்று போட்டிருப்பது ஏற்கெனவே பெருக்குச் சராசரிதான். இழுவை அதற்குள் கழிந்துவிட்டது. சூத்திரத்தைப் படித்த ஆர்வத்தில் அதிலிருந்து இன்னொரு முறை σ²/2-ஐக் கழித்துவிடாதீர்கள்.

நீங்கள் மொத்தமாகப் போடாமல் மாதாமாதம் எஸ்ஐபியில் போட்டிருந்தால் இந்த இரண்டு வரியும் உங்கள் லாபத்தைச் சொல்லாது. மொத்தப் பணத்துக்கு ஏற்றம் முதலில் வந்தாலும் இறக்கம் முதலில் வந்தாலும் பெருக்குத்தொகை ஒன்றுதான். எஸ்ஐபியில் அந்த வரிசை முக்கியம். 2008 முடிவிலும் 2009 தொடக்கத்திலும் வாங்கிய யூனிட்டுகளுக்கு 52% வீழ்ச்சியின் சுமை கிடையாது, அவை விழுந்த பிறகு வாங்கியவை. உங்கள் கணக்கு அறிக்கையிலிருந்து பணம் போட்ட தேதியையும் தொகையையும் எடுத்து, தொகையை மைனஸாகவும், கடைசி வரியில் இன்றைய தேதியோடு இன்றைய மதிப்பைப் பிளஸாகவும் எழுதி எக்செலில் XIRR போட்டால்தான் உங்கள் எண் கிடைக்கும். அது ஃபண்டின் சிஏஜிஆரைவிடக் கூடவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். ஓய்வுக்குப் பிறகு மாதாமாதம் பணம் எடுப்பவருக்கு இதே வரிசை எதிராக வேலை செய்யும். தொடக்கத்திலேயே பெரிய வீழ்ச்சி வந்தால் விழுந்த விலையில் யூனிட்டுகளை விற்றுச் செலவழித்துவிடுவார், பிறகு வரும் 100% ஏற்றத்தில் கலந்துகொள்ள அந்த யூனிட்டுகள் அவரிடம் இருக்காது.